இரவில் திறக்கும் சந்தை, தூங்கப் போகும் ஆர்டர்

நியூயார்க் பங்குச் சந்தை அங்கே காலை 9.30-க்குத் திறந்து மாலை 4 மணிக்கு மூடுகிறது. உலக நேரத்துக்கு 8 மணி நேரம் முந்தியிருக்கும் ஓர் ஊரில் வேலை பார்க்கும் பொறியாளருக்கு அது கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர் விடிய விடியத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. ஆகவே "விலை இந்த அளவுக்கு இறங்கினால் விற்றுவிடு" என்று ஒரு நிபந்தனை ஆர்டரைப் போட்டுவிட்டுப் படுக்கிறார். ஸ்டாப் ஆர்டர் என்பது அதுதான். அவர் தூங்கும்போது அந்த ஆர்டர் எங்கே இருக்கிறது, எதைப் பார்த்து விழிக்கிறது என்பது தெரிந்தால்தான் காலையில் பார்க்கும் விற்பனை விலை ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியும்.

பெரும்பாலானவர்கள் ஆர்டர் பங்குச் சந்தையின் கணினியில் காத்திருப்பதாக நினைக்கிறார்கள். நியூயார்க் பங்குச் சந்தை 2016 பிப்ரவரியிலிருந்து ஸ்டாப் ஆர்டர்களை வாங்குவதில்லை. ஆர்டர் இருப்பது புரோக்கரின் கணினியில். அந்தக் கணினி நடக்கும் விலைகளைக் கவனித்துக்கொண்டே இருக்கும். நிபந்தனை நிறைவேறியதும் ஒரு சாதாரண ஆர்டரைச் சந்தைக்கு அனுப்பும். அதுவரை உங்கள் ஆர்டர் அங்கே இருப்பதே சந்தைக்குத் தெரியாது.

ஸ்டாப் விலை, விற்கும் விலை அல்ல. அது ஓர் எச்சரிக்கை மணி மட்டுமே. மணி அடித்தபின் போவது, "கிடைக்கிற விலைக்கு விற்றுவிடு" என்ற மார்க்கெட் ஆர்டர். விலை படிப்படியாக இறங்கும் நாளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. விலை இடைவெளிவிட்டுக் குதிக்கும் நாளில்தான் தெரியும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பொறியாளரிடம் ஒரு நிறுவனத்தின் 100 பங்குகள் இருக்கின்றன. புதன்கிழமை நியூயார்க்கில் சந்தை மூடும்போது விலை 58 டாலர். அவர் போட்டு வைத்திருப்பது இது:

```
SELL 100 STP 54.00 GTC
```

கடைசி மூன்றெழுத்து, ரத்து செய்யும்வரை ஆர்டர் உயிரோடு இருக்கட்டும் என்கிறது. குளிர்காலம் என்று வைத்துக்கொள்வோம். சந்தை மூடிய ஐந்து நிமிடத்தில் நிறுவனம் காலாண்டு முடிவை வெளியிடுகிறது, முடிவு மோசம். அவர் ஊரில் அப்போது வியாழன் அதிகாலை 5.05. சந்தை நேரத்துக்குப் பிந்தைய வியாபாரத்திலேயே விலை 50-க்குக் கீழே போய்விடுகிறது. ஆனாலும் ஆர்டர் விழிப்பதில்லை. ஸ்டாப் ஆர்டர்கள் பொதுவாக வழக்கமான சந்தை நேரத்து விலைகளை மட்டுமே பார்க்கும்படிதான் அமைக்கப்பட்டிருக்கும்.

அன்று இரவு 10.30-க்குச் சந்தை திறக்கிறது. திறப்பு என்பது கதவைத் திறந்ததும் முண்டியடித்து உள்ளே நுழைவது போன்றதல்ல. முதலில் ஓர் ஏலம் நடக்கும்: அதுவரை சேர்ந்த வாங்கும் ஆர்டர்களையும் விற்கும் ஆர்டர்களையும் ஒன்றாக அடுக்கி, எந்த விலையில் மிக அதிகமான பங்குகள் கைமாறுமோ அந்த ஒரே விலையில் முடிப்பார்கள். நம் பங்கு 49.20-ல் திறக்கிறது. அந்த 49.20-ஐப் பார்த்த பிறகுதான் புரோக்கரின் கணினி, "54-க்குக் கீழே வந்துவிட்டது" என்று மணியடிக்கிறது. ஏலம் அதற்குள் முடிந்துவிட்டது. ஆர்டர் போய்ச் சேர்வது ஏலத்துக்கு அடுத்த நொடிகளில். வாங்குபவர் கேட்கும் விலைக்கும் விற்பவர் சொல்லும் விலைக்கும் நடுவே அகலமான இடைவெளி இருக்கும் நேரம் அது. 48.90-க்கு விற்கிறது. 5,400 டாலர் வரும் என்று எண்ணியவருக்கு வந்தது 4,890.

அப்படியானால் கீழே ஒரு வரம்பு வைத்துவிடலாமே என்று தோன்றும்:

```
SELL 100 STP LMT 54.00 / 53.00 GTC
```

54-ல் விழித்துக்கொள், ஆனால் 53-க்குக் கீழே விற்காதே என்பது இதன் பொருள். அதே 49.20 திறப்பில் இது விழித்துக்கொள்ளும், 53-க்கு விற்பனை என்று சந்தையில் போய் நிற்கும், வாங்க ஆளிருக்காது. விலை அன்று 46-க்கு இறங்கினாலும் பங்கு அவர் கையிலேயே இருக்கும். முன்னதில் விற்பனை உறுதி, விலை உறுதியில்லை. இதில் விலை உறுதி, விற்பனை உறுதியில்லை. இரண்டையும் ஒருசேரத் தரும் ஸ்டாப் ஆர்டர் கிடையாது. அந்த உறுதி வேண்டுமென்றால், குறித்த விலைக்கு விற்கும் உரிமையை, அதாவது புட் ஆப்ஷனை, காசு கொடுத்து வாங்க வேண்டும்.

2015 ஆகஸ்ட் 24 அன்று காலை இது பெரிய அளவில் நடந்தது. திறந்த சில நிமிடங்களில் டவ் ஜோன்ஸ் குறியீடு 1,000 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. பல பங்குகளை ஒன்றாகத் தொகுத்துச் சந்தையில் விற்கப்படும் நிதிகளான இடிஎஃப்கள் பல, தம்மிடமுள்ள பங்குகளின் மதிப்புக்கு மிகக் கீழே போய், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தன. விழித்த ஸ்டாப் ஆர்டர்கள் அந்தப் பள்ளத்தின் அடியில் விற்றன.

தூர நேரத்தில் வாழ்பவருக்கு ஒரு சாதகம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. நம் கணக்கில் முடிவு வெளிவந்தது அதிகாலை 5.05, சந்தை திறப்பது இரவு 10.30. நடுவே பதினேழு மணி நேரத்துக்கு மேல், அதுவும் அவருடைய பகல் பொழுது. நியூயார்க்காரர் தூங்கும் நேரத்தில் இவர் அறிக்கையைப் படித்து முடிக்கலாம். மாலை 5 மணிக்கு முன்சந்தை வியாபாரம் தொடங்கும். விலை எங்கே திறக்கும் என்பது ஓரளவு அதில் தெரியும். விற்பதுதான் முடிவு என்றால் ஸ்டாப்பை ரத்து செய்துவிட்டு, ஏலத்திலேயே கலந்துகொள்ளும் ஆர்டரைப் போடலாம். நாஸ்டாக்கில் இதற்குக் கடைசி நேரம் திறப்புக்கு இரண்டு நிமிடம் முன்பு, அதாவது இவருக்கு 10.28. அப்படிப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் விலை 49.20. பழைய ஸ்டாப்பை ரத்து செய்ய மறக்கக் கூடாது. புரோக்கரிடம் கடன் வாங்க வழியுள்ள மார்ஜின் கணக்கில் இரண்டும் நிறைவேறிவிட்டால் 200 பங்குகள் விற்றுப்போகும். தன்னிடம் இல்லாத 100 பங்குகளைக் கடன் வாங்கி விற்றவராகக் காலையில் எழுவார்.

சிலர் திறப்பின் கலவரத்தையே தவிர்க்க, "9.45-க்குப் பிறகுதான் கவனிக்கத் தொடங்கு" என்று நேர நிபந்தனை சேர்ப்பார்கள். ஒரு நொடி ஆழமாக இறங்கி உடனே எழும் விலைகளில் சிக்காமலிருக்க இது நல்ல வழி. எந்த ஊர்க் கடிகாரத்தில் 9.45 என்பதில்தான் தவறு நடக்கிறது. கோடையில் தன் உள்ளூர் நேரப்படி இரவு 9.45 என்று போட்டுவைத்தால் சரியாக இருக்கும். நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறது. மறுநாள் இவருடைய 9.45, நியூயார்க்கில் 8.45. சந்தை திறப்பதற்கு முக்கால் மணி முன்பே நேர நிபந்தனை நிறைவேறிவிடும். ஸ்டாப் திறப்பின் முதல் விலையிலிருந்தே விழித்திருக்கும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. ஆர்டரின் விவரத்தில் நேரத்துக்குப் பக்கத்தில் `US/Eastern` என்று இருக்கிறதா, உள்ளூர் நேர மண்டலத்தின் பெயர் இருக்கிறதா என்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும். விற்ற பிறகு தெரிந்துகொள்வதானால் நிறைவேறிய நேரத்தைப் பார்க்க வேண்டும்: 9.45-க்குப் பின் நடந்திருக்க வேண்டிய விற்பனைக்கு நேராக 9:30:01 என்று இருக்கும்.