கிரெடிட் நோட் போட்டா பணம் திருப்பி கொடுத்ததா அர்த்தம் இல்லைங்க

இந்த மாசம் கையில எடுத்த கணக்குலயும் அதே பிரச்சனை. கஸ்டமர் லெட்ஜர்ல யாருக்கும் காரணம் தெரியாத ஒரு கிரெடிட் பாலன்ஸ், சேல்ஸ் ரிட்டர்ன் தொகை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, கேட்டா "சார் கிரெடிட் நோட்டும் போட்டோம், ரீஃபண்டும் போட்டோம், ரெண்டும் ஒண்ணுதானே"ன்னு பதில். ஒண்ணு இல்லைங்க. இத எத்தனை பேர்கிட்ட சொல்லியாச்சுன்னு எனக்கே தெரியல, அதனால இனிமே கேக்கறவங்களுக்கு இந்த பதிவ அனுப்பிடலாம்னு எழுதறேன்.

கிரெடிட் நோட்ங்கறது ஒரு பேப்பர், அவ்வளவுதான். "நான் உனக்கு போட்ட பில்லுல இவ்வளவ குறைச்சுக்கறேன்"னு விக்கிறவர் எழுதி கொடுக்கறது. அதுல ஒரு பைசா கூட நகராது, மாறுறது கஸ்டமர் நமக்கு எவ்வளவு தரணும்ங்கற கணக்கு மட்டும்தான். ரீஃபண்ட்ங்கறது பேங்க்ல இருந்து பணம் வெளிய போறது. அது விற்பனைய தொடாது, வரிய தொடாது, சேல்ஸ் ரிட்டர்ன தொடவே தொடாது. திரும்பவும் சொல்றேன், ரீஃபண்ட் என்ட்ரியில சேல்ஸ் ரிட்டர்ன்ங்கற பேரே வரக்கூடாது. அங்கதான் எல்லாரும் விழறாங்க.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். 10,000க்கு சரக்கு, வரி 10 சதவீதம்னு வெச்சுக்கோங்க, பில் மொத்தம் 11,000. கஸ்டமர் முழுசா கட்டிட்டார், அவர் லெட்ஜர் சைபர். அப்புறம் 3,000க்கான சரக்கு சரியில்லைன்னு திருப்பி அனுப்பறார். இப்போ கிரெடிட் நோட் வரியோட சேத்து 3,300.

கிரெடிட் நோட் என்ட்ரி:
சேல்ஸ் ரிட்டர்ன் டெபிட் 3,000
விற்பனை வரி டெபிட் 300
கஸ்டமர் கிரெடிட் 3,300

இப்போ கஸ்டமர் லெட்ஜர்ல 3,300 கிரெடிட் நிக்குது, அதாவது நாம அவருக்கு தரணும். அவர் பணமா கேட்டா அடுத்த என்ட்ரி.

ரீஃபண்ட் என்ட்ரி:
கஸ்டமர் டெபிட் 3,300
பேங்க் கிரெடிட் 3,300

லெட்ஜர் திரும்ப சைபர். முடிஞ்சது. (சரக்கு திரும்பி வந்ததுக்கு ஸ்டாக் என்ட்ரி தனியா உண்டு, அது வேற பஞ்சாயத்து.)

இப்போ நிஜத்துல என்ன நடக்குதுன்னு பாருங்க. பில்லிங்ல இருக்கறவர் கிரெடிட் நோட்ட சரியா போட்டுடறார். மாசக் கடைசியில பேங்க் என்ட்ரி போடறவர் இன்னொருத்தர், அவருக்கு அந்த கிரெடிட் நோட் பத்தி தெரியாது, ஸ்டேட்மென்ட்ல 3,300 வெளிய போயிருக்கு, விசாரிச்சா "அது ரிட்டர்ன் வந்ததுக்கு கொடுத்தது"ன்னு சொல்றாங்க, உடனே சேல்ஸ் ரிட்டர்ன் டெபிட் 3,300, பேங்க் கிரெடிட் 3,300ன்னு போட்டு அடுத்த வேலைக்கு போயிடறார். பேங்க் ரெக்கன்சிலியேஷன் டேலி ஆகுது, ட்ரையல் பாலன்ஸும் டேலி ஆகுது, அதனால யாருக்கும் சந்தேகமே வராது. ஆனா சேல்ஸ் ரிட்டர்ன் 3,000க்கு பதிலா 6,300, நிகர விற்பனை 7,000க்கு பதிலா 3,700. கஸ்டமர் லெட்ஜர்ல அந்த 3,300 கிரெடிட் அப்படியே உக்காந்திருக்கு.

இதோட நின்னா கூட வருஷக் கடைசியில சரி பண்ணிடலாம். நிக்காதே! நாமளே அந்த கஸ்டமருக்கு அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட் அனுப்பறோம், அதுல "நாங்க உங்களுக்கு 3,300 தரணும்"னு இருக்கு. அவர் அடுத்து 5,500க்கு சரக்கு வாங்கிட்டு 3,300 கழிச்சு 2,200 மட்டும் கட்டறார். அவர் மேல தப்பு சொல்ல முடியாது, நாம அனுப்பின ஸ்டேட்மென்ட நம்பி கட்டினார். லெட்ஜர் சைபர் ஆயிடுச்சு, எல்லாரும் நிம்மதி, கம்பெனி ஒரே ரிட்டர்னுக்கு ரெண்டு தடவை பணம் கொடுத்தாச்சு. சைபர் ஆன லெட்ஜர யாரு திறந்து பாக்கப் போறாங்க?

திருத்தறது ஒரே என்ட்ரிதான், கஸ்டமர் டெபிட் 3,300, சேல்ஸ் ரிட்டர்ன் கிரெடிட் 3,300. ஆனா அவர் ஏற்கனவே கழிச்சுட்டாருன்னா அந்த 3,300 அவர்கிட்ட இருந்து வர வேண்டிய பாக்கியா மறுபடி எழும்பும், போன் பண்ணி விளக்கி கேக்கணும், அந்த போன் பண்றதுக்குத்தான் யாரும் தயாரா இருக்க மாட்டாங்க.

உல்டாவாவும் நடக்கும். ரீஃபண்ட கஸ்டமர் லெட்ஜர்ல சரியா போட்டுட்டு கிரெடிட் நோட் போட மறந்துடுவாங்க. அப்போ பணம் திருப்பி வாங்கின மனுஷன் நமக்கு 3,300 தரணும்னு கணக்கு காட்டும், அவருக்கு பாக்கி கட்டச் சொல்லி மெயிலும் போகும், அவர் கத்துவார். விற்பனை 3,000 கூடுதலா நிக்கும், திரும்பி வந்த சரக்குக்கும் சேத்து 300 வரி கட்டிட்டு இருப்போம்.

இன்னொண்ணு, கிரெடிட் நோட் போட்டா அதே தொகைய ரீஃபண்ட் பண்ணணும்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அது எனக்கு பயங்கர கடுப்பு. அதே 11,000 பில்லுக்கு கஸ்டமர் இதுவரைக்கும் 9,000தான் கட்டியிருக்கார்னா 2,000 பாக்கி இருக்கு இல்லையா, 3,300 கிரெடிட் நோட்ல முதல்ல அந்த 2,000 அடையும், பணமா போக வேண்டியது 1,300தான். ஒண்ணுமே கட்டலைன்னா ரீஃபண்டுங்கற பேச்சே இல்லை, அவர் இனிமே தர வேண்டியது 7,700, அவ்வளவுதான். லெட்ஜர் பாக்காம 3,300 அனுப்பிட்டு அப்புறம் பாக்கிக்காக அலையாதீங்க.

ரீஃபண்டுக்கு கிரெடிட் நோட்டே தேவைப்படாத இடமும் உண்டு. 11,000 பில்லுக்கு தெரியாம 12,000 அனுப்பிட்டார், அந்த 1,000 திருப்பி கொடுக்கறோம். பில்லுல தப்பே இல்ல, விற்பனை குறையல. கஸ்டமர் டெபிட், பேங்க் கிரெடிட், முடிஞ்சது. இதுக்கும் ஒரு கிரெடிட் நோட் அடிச்சு விற்பனையையும் வரியையும் குறைச்சு வெக்கறவங்கள பாத்திருக்கேன், ஏன்னு கேட்டா "பணம் வெளிய போனா ஒரு டாக்குமென்ட் வேணுமே சார்". வேணும், அதுக்கு பேமென்ட் வவுச்சர் இருக்கு.

சரி, என்ன பண்ணலாம். ரீஃபண்ட்னு பேங்க்ல இருந்து போற எந்த தொகையா இருந்தாலும் எதிர்ப்பக்கம் கஸ்டமர் லெட்ஜர்தான், வேற எதுவும் கிடையாது. நரேஷன்ல கிரெடிட் நோட் நம்பர எழுதுங்க, "ரிட்டர்ன் பேமென்ட்"னு மொட்டையா எழுதாதீங்க, ஆறு மாசம் கழிச்சு உங்களுக்கே புரியாது. மாசா மாசம் கிரெடிட் நோட் ரெஜிஸ்டர்ல வரி இல்லாத மொத்தத்தையும் சேல்ஸ் ரிட்டர்ன் லெட்ஜர் மொத்தத்தையும் பக்கத்துல வெச்சு பாருங்க, ரெண்டும் ஒத்துப் போகலைன்னா யாரோ ரீஃபண்ட அங்க தள்ளியிருக்காங்கன்னு சந்தேகப்படலாம், அந்த லெட்ஜர்ல பேங்க் எதிர்ப்பக்கமா இருக்கற என்ட்ரிகள மட்டும் ஃபில்டர் பண்ணினா ஆள் மாட்டிக்கும். கஸ்டமர் லிஸ்ட்ல கிரெடிட் பாலன்ஸ் உள்ளவங்கள தனியா எடுத்து ஒவ்வொண்ணும் அட்வான்ஸா, கூடுதலா கட்டினதா, இன்னும் பணம் கொடுக்காத கிரெடிட் நோட்டான்னு எழுதி வெச்சுட்டு அப்புறம் ஸ்டேட்மென்ட் அனுப்புங்க, வருஷக் கடைசியில இத வர வேண்டிய பாக்கியோட கழிச்சு ஒரே தொகையா காட்டாம கொடுக்க வேண்டிய பக்கம் காட்டணும். பில்லிங்ல இருக்கறவரும் பேங்க் என்ட்ரி போடறவரும் வாரத்துக்கு ஒரு தடவையாவது பேசிக்கோங்க, ப்ளீஸ்.