நீல விளக்கின் கீழே மஞ்சள் எங்கே போகிறது?

"குழந்தை பிறந்து மூன்று நாள். மஞ்சள் காமாலை, ரத்தத்தில் பிலிருபின் 15 என்கிறார்கள். காலை வெயிலில் காட்டினால் போதாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

15 என்ற எண் மட்டும் போதாது, பிறந்து எத்தனை மணி நேரம் என்றும் தெரிய வேண்டும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பின்படி, நிறைமாதக் குழந்தையை நீல விளக்கின் கீழ் வைக்கும் ஒளிச் சிகிச்சை தொடங்கும் எல்லை, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 12 மில்லிகிராம், 72 மணி நேரத்தில் சுமார் 17.5. அதாவது மூன்றாம் நாள் 15 என்றால் கவனித்து, மறுபடி ரத்தம் பார்க்கலாம். முப்பதாவது மணி நேரத்திலேயே 15 என்றால் உடனே விளக்கு வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு எல்லை இன்னும் கீழே.

சிவப்பணுக்கள் உடையும்போது வருவது பிலிருபின். அந்த மூலக்கூறு தன் கைகளைத் தனக்குள்ளேயே கோத்து மடங்கிக் கிடக்கிறது. தண்ணீரைப் பிடித்துக்கொள்ள வேண்டிய கைகள் அவைதான். அதனால் அது தண்ணீரில் கரையாது; கொழுப்பில் கரையும், மிகுந்தால் மூளைக்குள்ளும் புகும். கல்லீரல் ஒரு சர்க்கரைத் துண்டை ஒட்டி அதைக் கரைய வைக்கும். பிறந்த குழந்தைக்கு, அப்படி ஒட்டும் கல்லீரல் நொதி இன்னும் போதிய அளவு இல்லை.

நீல ஒளி செய்வதுதான் எனக்கு அலுக்காத அழகு. தோலுக்கடியில் இருக்கும் பிலிருபின் அந்த ஒளியை விழுங்கியதும், அதன் ஒரு இரட்டைப் பிணைப்பு திரும்பிக்கொள்கிறது. கோத்திருந்த கைகள் விடுபடுகின்றன. எதையும் ஒட்டாமலே தண்ணீரில் கரைந்து, பித்தத்தின் வழியே வெளியேறுகிறது. கொஞ்சம் சிறுநீரிலும் போகும்.

செவிலியர் செய்வதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஒளி தோலில் பட வேண்டும், எனவே டயப்பர் மட்டும். கண்ணுக்கு மறைப்பு, அது நழுவி மூக்கை அடைக்காமல் பார்க்க வேண்டும். வெளியே போவது மலத்தில் என்பதால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை தாய்ப்பால். மலம் இளகிப் பச்சையாகப் போனால் பயப்பட வேண்டாம். விளக்கில் தோல் வெளிறிவிடும். மஞ்சள் குறைந்ததா என்பதை ரத்தம்தான் சொல்லும். நிறுத்தியபின் அளவு மறுபடி ஏறலாம், அதனால் 12 முதல் 18 மணி நேரத்தில் இன்னொரு பரிசோதனை.

சரி, வெயில்? 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயிலில் வைத்த குழந்தைகளுக்கு மஞ்சள் குறைவதை முதலில் கவனித்தவர் சிஸ்டர் வார்டு என்ற செவிலியர். ஆனால் பத்து நிமிட வெயிலில் எவ்வளவு நீல ஒளி கிடைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்து. கீழாநெல்லிச் சாறும் சர்க்கரைத் தண்ணீரும் பச்சிளம் குழந்தைக்குத் தரவே கூடாது.

முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், பால் குடிக்க எழுப்ப முடியாத தூக்கம், காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவமனை. கீச்சென்ற அழுகையோடு முதுகு வில்லாக வளைந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால், மலம் சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கிறதா, சிறுநீர் டயப்பரில் கறையாகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை அறுபது நாளுக்குள் நடந்தால்தான் நன்றாகப் பலிக்கும்.