மானா, போனா? சின்னப் பிள்ளைகளின் கைமுத்திரையில் நான் கண்ட சிக்கல்

திருகோணமலையில் மான் பார்க்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறினால் வழியிலேயே புள்ளிமான்கள் நிற்கும். சில நாள் நகருக்குள்ளேயே இறங்கி வந்து ஓட்டோவுக்கு வழி விடாமல் நிற்கும். அதனால் மிருகசீர்ஷம், அதாவது மான்தலை முத்திரை, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிகச் சுலபமாக வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

என் பரதநாட்டிய வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளை ஒருத்தி. நடுவில் உள்ள மூன்று விரலையும் மடக்கி, சுண்டுவிரலையும் பெருவிரலையும் நீட்டச் சொன்னேன். அழகாக நீட்டினாள். நீட்டிய கையைக் காதில் வைத்து, "ஹலோ, அப்பா?" என்றாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றைக்குத்தான் ஒரு விஷயம் உறைத்தது. பிள்ளை வெறுங்கையோடு வகுப்புக்கு வருவதில்லை. நாம் முத்திரை என்று சொல்லும் வடிவங்கள் பலவற்றுக்கு அவள் கையில் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. தொலைபேசி, 'சூப்பர்', 'லைக்' எல்லாம் நமக்கு முன்பே அங்கே வந்து குடியேறிவிட்டன.

அதுவரை நானும் மற்றவர்களைப் போலச் சுலோகத்தில்தான் தொடங்குவேன். 'பதாகஸ் திரிபதாகோ' என்று அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூலின் ஒற்றைக் கை முத்திரைகள் 28ஐயும் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள். வீட்டில் அம்மம்மாவுக்கும் பெருமையாக இருக்கும். நன்றாகப் பாடமாக்கிய ஒரு பிள்ளையிடம், "மிருகசீர்ஷம் என்றால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். "பதினேழாவது ரீச்சர்" என்றாள். பதில் சரிதான், வரிசையில் அது பதினேழாவதுதான். பிழை என்னுடைய கேள்வியில் இருந்தது.

இன்னொரு குழப்பமும் உண்டு. முத்திரையின் பெயர் வேறு, அதன் பயன் வேறு. பதாகம் என்றால் கொடி. ஆனால் அந்தக் கையால் காட்டுபவை மேகம், காடு, இரவு, ஆறு, குதிரை, காற்று, அலை என்று நீண்டுகொண்டே போகும். சுகதுண்டம் என்றால் கிளிமூக்கு, அதைக் கொண்டு காட்டுவதோ அம்பு எய்வதை. பெரியவர்களுக்கு இது ரசனை. ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு ஒரே கைக்கு ஏழு பொருளைச் சொன்னால் ஏழும் கலங்கிப் போகும். அதனால் இப்போது ஒரு காட்சி, அதில் ஒரு முத்திரை, அதற்கு ஒரே ஒரு பொருள் என்று வைத்திருக்கிறேன். அந்தக் கைக்கு வேறு பொருள் இருக்கிறது என்று அன்று மூச்சு விடுவதில்லை.

கதை எங்கள் ஊருக்குள்ளேயே நடக்கும். முதல் காட்சி டச்சுக் குடாக் கடற்கரையின் அலை, அதற்குப் பதாகம். நான்கு விரல்களும் சேர்ந்து நேராக நிற்க, பெருவிரல் மட்டும் மடங்கி உள்ளங்கையின் ஓரத்தில் ஒட்டியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் தவறுவது அந்தப் பெருவிரல்தான். அலையை ஆட்டத் தொடங்கியதும் அது மெல்லக் கழன்று வெளியே வந்துவிடும். அப்படி விரிந்தால் அது அர்த்தசந்திரம் என்ற வேறு முத்திரை. அலை நிலாவாகிவிடும். பெருவிரலுக்கும் கைக்கும் இடையில் ஒரு சின்னக் காகிதத் துண்டைச் செருகி விடுவேன். காகிதம் விழுந்தால் பிள்ளைக்கே தெரிந்துவிடும், நான் வாய் திறக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காட்சி மான். தொலைபேசி விவகாரத்துக்கு வருவோம். வடிவத்தைச் சரியாகப் பார்த்தால் தொலைபேசிக் கைக்கும் மான்தலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தொலைபேசிக் கையில் நடு மூன்று விரலும் உள்ளங்கைக்குள் சுருண்டு போகும். மிருகசீர்ஷத்தில் அவை சுருள்வதில்லை. விரல் கையோடு சேரும் மொழியில் மட்டும் வளைந்து, அதற்கு மேல் நேராக முன்னோக்கி நீளும். அந்த மூன்றும்தான் மானின் நீண்ட முகம். மேலே நிற்கும் பெருவிரலும் சுண்டுவிரலும் காது. "மூஞ்சியை உள்ளே இழுத்துக்கொண்டால் மான் எப்படிப் புல் தின்னும்?" என்று கேட்டால் போதும், விரல்கள் நீண்டுவிடும். 'மொழியில் மடக்கு, நுனியை நீட்டு' என்று நான் பத்துத் தரம் சொல்லியும் நடக்காதது இந்த ஒரு கேள்வியில் நடந்தது.

வேறொரு பிள்ளை இதை ஏற்கவில்லை. நடுவிரலும் மோதிரவிரலும் பெருவிரலைத் தொட, ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் நிமிர்ந்து நிற்கும் கையைக் காட்டி, "இதுதான் ரீச்சர் மான், காது வடிவாய்த் தெரியுது" என்றாள். அவள் பிடித்தது சிம்மமுகம். அவளைக் குறை சொல்ல முடியாது. மேடையில் துள்ளும் மானுக்கு அந்தக் கையைப் பிடிக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், பார்ப்பவருக்கும் அது மானாகவே தெரியும். ஆனால் சிங்கமுகம் என்ற பெயரோடு அதை மானுக்குக் கொடுத்தால் முதல் மாதத்திலேயே குழப்பம் தொடங்கிவிடும். "அது சிங்கம், இன்னொரு நாள் வரும்" என்று சொல்லி ஒதுக்கி வைத்தேன். பெயரும் பொருளும் ஒன்றாகவே இருக்கிற மிருகசீர்ஷம், மயூரம் போன்ற கைகள் சின்னவர்களுக்கு முதலில் வரட்டும் என்பது என் கட்சி.

கை சரியானபின் கண் தவறும். 'கை போகும் இடத்துக்குக் கண் போகும்' என்று அபிநய தர்ப்பணம் எழுதிய நந்திகேசுவரர் சொன்னதைப் பிள்ளைகள் அப்படியே எடுத்துக்கொண்டு, விரல் சரியாக இருக்கிறதா என்று கையையே முறைத்துப் பார்ப்பார்கள். முறைத்தால் தெரிவது விரல்தான், மான் தெரியாது. இதற்குக் காரணம் கவனக்குறைவு இல்லை. 'நான் மானா, மானைப் பார்க்கிற பிள்ளையா' என்பது அவளுக்கு முடிவாகாததுதான் காரணம். தானே மான் என்றால் கை தலையோடு ஒட்டி நிற்கும், கண் புல்லைத் தேடும். மானைப் பார்ப்பவள் என்றால் கை உடம்பிலிருந்து தள்ளி நிற்கும், கண் அதன்மேல் போய் நிற்கும். இரண்டையும் ஒரே காட்சியில் கேட்கக் கூடாது. நான் பார்ப்பவளை எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் இந்த ஊரில் எல்லோரும் அப்படி நின்று பார்த்திருக்கிறார்கள்.

"உன் மான் என்ன செய்யுது?" என்று ஹலோ சொன்ன பிள்ளையிடம் கேட்டேன். அவள் மான்தலையைக் கீழே கொண்டுபோய் எதையோ பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். "சொப்பிங் பாக் தின்னுது ரீச்சர்" என்றாள். நான் புல்லை எதிர்பார்த்திருந்தேன். அவள் கண்டதைத்தான் ஆடினாள்.

மூன்றாவது காட்சிக்கு அதிக நேரம் எடுப்பதில்லை. அலை ஒதுக்கிவிட்ட முத்து ஒன்றைக் குனிந்து எடுப்பது, அதற்கு ஹம்சாஸ்யம். சம்பந்தர் கோணமலைப் பதிகத்தில் கடல் முத்தைக் கொண்டுவந்து கொழிப்பதாகப் பாடியிருப்பதால், வீட்டில் தேவாரம் தெரிந்தவர்கள் கதையோடு சேர்ந்துகொள்வார்கள். ஆள்காட்டி விரல் நுனியும் பெருவிரல் நுனியும் தொட, மற்ற மூன்றும் விரிந்திருக்கும். இது அப்படியே 'சூப்பர்' கை. உள்ளங்கையை முன்னால் காட்டினால் சூப்பர், மணலை நோக்கிக் கையைக் கொண்டுபோனால் முத்து. இவ்வளவு சொன்னாலே பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது.

நான்காவது, மலைமேல் கோணேசர். இடது கை அர்த்தசந்திரமாக விரிந்து கிடக்க, அதன்மேல் வலது கை சிகரம், அதாவது பெருவிரல் நிமிர்ந்த முட்டி, நிற்கும். இதுவே சிவலிங்க முத்திரை. சிகரத்தை முதலில் பிடிக்கச் சொன்னால் பதினைந்து பிள்ளைகளும் எனக்கு 'லைக்' போடுவார்கள். அதனால் வரிசையை மாற்றினேன். முதலில் இடது கையை நெஞ்சுக்கு நேரே கிடத்தி, அதை ஆவுடையார் என்று சொல்லிக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கச் சொல்வேன். பிறகுதான் வலது கை மெதுவாக வந்து அமரும். ஆவுடையார்மேல் அமர்ந்த பெருவிரலை 'லைக்' என்று எந்தப் பிள்ளையும் நினைப்பதில்லை.

பெற்றோரிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்வேன். ஒன்று, விரல் வரவில்லை என்று பிடித்து இழுத்து மடக்க வேண்டாம். குறிப்பாக மோதிரவிரலை. உள்ளங்கையை மேசையில் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி, மோதிரவிரலைத் தூக்கிப் பாருங்கள். உங்களுக்கே தூக்க வராது, அல்லது மிகக் கொஞ்சம்தான் வரும். புறங்கையில் அதன் நரம்பு, அதாவது தசைநாண், பக்கத்து விரல்களின் நாணோடு இணைந்திருப்பதுதான் காரணம். மோதிரவிரலை மட்டும் மடக்கும் திரிபதாகத்தில் சின்னப் பிள்ளைக்குச் சுண்டுவிரலும் கூடவே சரிவது இதனால்தான், சோம்பலால் இல்லை. திரிபதாகத்தால் கிரீடம் காட்ட வேண்டிய காட்சியை நான் கதையில் வைக்காததற்கும் இதுதான் காரணம்.

மற்றது, வீட்டில் "என்ன முத்திரை படித்தாய்?" என்று கேட்காமல் "கதையில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். முந்திய கேள்விக்குப் பெயர் வரும். பிந்திய கேள்விக்குக் கை வரும், எது தவறுகிறது என்று உங்களுக்கும் தெரியும். பரீட்சைக்குச் சுலோகமும் விநியோகமும், அதாவது ஒவ்வொரு கையின் பயன்களும், வேண்டும்தான், மறுக்கவில்லை. நான்கு காட்சியை ஆடிய பிள்ளை அதைப் பின்னர் பாடமாக்கும்போது அந்தப் பெயர்கள் அவள் அறிந்தவையாக இருக்கும்.

ஒரு கைக்கு இரண்டாவது பொருளை எப்போது கொடுப்பது என்று எனக்கு நெடுநாள் தயக்கம். வாணி விழா ஒத்திகையில் அந்த ஹலோப் பிள்ளையே அதை முடித்து வைத்தாள். மான் பையை இழுக்கும் இடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "ரீச்சர், அலைக்கையாலே மானை மறிக்கலாமா?" என்று கேட்டாள்.

விலக்குவதும் பதாகத்தின் பயன்களில் ஒன்றுதான். அதை நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. "மறிக்கலாம் பிள்ளை, விரலை மேலே நிமிர்த்து, உள்ளங்கையை மானுக்குக் காட்டு" என்றேன்.

காட்டினாள். பழக்கத்தில் கை ஆடியது.

"ஆட்டாதை. ஆட்டினால் அலை."