மிரரிங்: திரையில் இடமும் வலமும் மாறுவதற்கு என்ன சொல்?

‘மிரரிங்’ என்ற சொல்லை நம்மில் பலர் முதலில் கேட்டது டிவி வாங்கும்போதுதான். போனில் ஓடும் படம் அப்படியே டிவியிலும் தெரிவதற்கு அந்தப் பெயர். மென்பொருள் எழுதுகிறவர்களிடம் அதே சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. போனின் மொழியை அரபு, உருது, பாரசீகம், எபிரேயம் ஆகியவற்றில் ஒன்றாக மாற்றினால், திரையில் இடப்பக்கம் இருந்தவை வலப்பக்கம் போய்விடும், வலப்பக்கம் இருந்தவை இடப்பக்கம் வந்துவிடும். இதையும் மிரரிங் என்றே சொல்கிறார்கள். இந்த இரண்டாவது பொருளுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் இங்கே பேச்சு.

என் பெரியம்மாவுக்கு ஷார்ஜாவில் வேலை பார்க்கும் அண்ணன் தான் பயன்படுத்திய போனை அனுப்பிவைத்தார். அதில் மொழி அரபாகவே இருந்தது. பெரியம்மாவுக்கு எழுத்துப் புரியாதது ஒரு தொல்லையே இல்லை. படத்தைப் பார்த்துத்தான் எப்போதும் தொடுவார். அவரைத் தடுமாற வைத்தது அம்புக்குறிதான். பழக்கப்படி மேல் இடது மூலையைத் தொட்டார். அங்கே மூன்று புள்ளி மெனு இருந்ததால் அது திறந்துகொண்டது. பின்செல்லும் அம்பு வலது மூலையில், வலப்பக்கம் பார்த்தபடி இருந்தது. “இது பின்னாடி போறதா, முன்னாடி போறதா?” என்று கேட்டார். போனில் ஏதோ கோளாறு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கோளாறே இல்லை. அரபு படிப்பவருக்கு அந்த அம்பு சரியான இடத்தில், சரியான திசையைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

ஏன் சரி என்பதற்கு ஒரு அரபுப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் போதும். அதன் முதுகு வலப்பக்கம் இருக்கும். படித்து முடித்த தாள்கள் வலப்பக்கம் சேரும், படிக்கவேண்டியவை இடப்பக்கம் இருக்கும். ஆக, ‘முந்தைய பக்கம்’ என்பது அவர்களுக்கு வலப்பக்கம். நமக்குப் பின்செல்லும் அம்பு இடப்பக்கம் பார்ப்பதற்கும் இதே காரணம்தான்: நாம் படித்து முடித்த பக்கம் இடது கையின் கீழ் இருக்கிறது. அம்பு காட்டுவது இடத்தையோ வலத்தையோ அல்ல, வாசிப்பு தொடங்கிய பக்கத்தை. தலைப்பும் அதற்கு முன்னால் வரும் அம்பும் கண் முதலில் விழும் மூலையில் நிற்கின்றன. அந்த மூலை அரபில் வலது. ஐபோனில் விரலை ஓரத்திலிருந்து இழுத்துப் பின்செல்வதுகூட அரபில் வல ஓரத்திலிருந்துதான்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘மிரர்’ என்பது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலம் லத்தீனில் ‘மிராரி’, அதாவது வியந்து பார்த்தல். கணினித் திரைக்கு இந்தச் சொல்லைப் பழக்கியதில் விண்டோஸுக்குப் பங்கு உண்டு. விண்டோஸ் 98-இன் அரபு, எபிரேயப் பதிப்புகளிலும் அதற்கு அடுத்து விண்டோஸ் 2000-இலும் சாளரம் முழுவதையும் இடம் வலமாகத் திருப்பும் வசதி வந்தபோது, நிரலாளர்களுக்கான விளக்கங்களில் அதற்கு இந்தப் பெயர்தான் இருந்தது. போனுக்கு இந்த வசதி பிறகுதான் வந்தது: ஆண்ட்ராய்டில் 2012-இல், 4.2 பதிப்பில், ஐபோனில் 2015-இல், ஐஓஎஸ் 9-இல்.

தமிழில் இதைச் சிலர் ‘பிரதிபலிப்பு’ என்று எழுதுகிறார்கள். அது ஒளி பட்டுத் திரும்புவதைக் குறிக்கும் சொல். இங்கே எதுவும் திரும்பி வரவில்லை. ‘தலைகீழ்’ என்று பேச்சில் சொல்வதும் பொருந்தாது, மேலும் கீழும் மாறவே இல்லையே. ‘கண்ணாடி பிம்பம்’ ஓரளவு கிட்டே வருகிறது. ஆனால் உண்மையான கண்ணாடியில் எழுத்துகளும் திரும்பித் தெரியும். ஆம்புலன்ஸின் முகப்பில் எழுத்துகளைத் திருப்பி எழுதுவது அதனால்தான். போன் திரையில் எழுத்து எதுவும் திரும்புவதில்லை. பொருள்கள் இருக்கும் இடம்தான் மாறுகிறது.

நமக்கு வேண்டிய சொல் பள்ளி இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. சமதள ஆடியில் தெரியும் பிம்பம் ‘இடவல மாற்றம்’ அடைந்திருக்கும் என்று படித்திருப்போம். இடமும் வலமும் மாறுகின்றன என்பதை மட்டும் சொல்லும் சொல் அது. ஒளியையோ கண்ணாடியையோ கூடவே இழுத்து வருவதில்லை. திரையில் பொருள்களை அடுக்கியிருக்கும் விதத்தைத் தளவமைப்பு என்பார்கள். அதனால் ‘தளவமைப்பு இடவல மாற்றம்’ என்று பெயராகவும், ‘இடவலம் மாற்று’ என்று வினையாகவும் வைத்துக்கொள்ளலாம். நிரலாளர்கள் வாயிலும் எளிதாக வரும்: “இந்த ஐகானை இடவலம் மாத்தணுமா?” டிவியில் காட்டுவதற்கு ‘திரைப் பகிர்வு’ இருக்கவே இருக்கிறது. இரண்டு பொருளும் குழம்பாது.

போன் இதை எப்படிச் செய்கிறது என்று ஒரு அம்பை வைத்தே பார்க்கலாம். திரையின் அகலம் 360 அலகு, அம்பைத் தொடும் சதுரம் 48 அலகு, அது இட ஓரத்திலிருந்து 4 அலகு தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அகலத்திலிருந்து இந்த இடைவெளியையும் சதுரத்தின் அகலத்தையும் கழித்தால் 360 − 4 − 48 = 308. புதிய இடம் அதுதான்: இட ஓரத்திலிருந்து 308, அப்போது வல ஓரத்திலிருந்து சரியாக 4. மேலிருந்து உள்ள தூரம் மாறாது. திரையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இதே கணக்குத்தான்.

நிரலாளர் இந்தக் கணக்கை எழுதவேண்டியதில்லை. ஆனால் ‘இடது’, ‘வலது’ என்று எழுதும் பழக்கத்தை அவர் விட்டாக வேண்டும். ஆண்ட்ராய்டில் முன்பு இப்படி எழுதினார்கள்:

```xml
android:layout_marginLeft="16dp"
```

இதை எந்த மொழியிலும் போன் இடதாகவே எடுத்துக்கொள்ளும். இப்போது எழுதவேண்டியது இது:

```xml
android:layout_marginStart="16dp"
```

இதில் வரும் `Start` என்ற சொல்லை ‘தொடக்கப் பக்கம்’ என்று தமிழில் சொல்லலாம், எதிர்ப்பக்கத்தை ‘முடிவுப் பக்கம்’ எனலாம். தமிழில் தொடக்கப் பக்கம் இடது, உருதுவில் வலது. ஒரே நிரல் இரண்டுக்கும் பொருந்திவிடுகிறது. கூடவே, செயலியின் அறிவிப்புக் கோப்பில் `android:supportsRtl="true"` என்ற வரியும் இருக்கவேண்டும். இதில் Rtl என்பது வலமிருந்து இடம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அந்த வரி இல்லாவிட்டால் செயலி பழையபடி இடமிருந்தே தொடங்கும்.

அதிகம் கண்ணில் படும் பிழை, பாதி மாறி நிற்பது. அம்பு வலது மூலைக்குப் போயிருக்கும், ஆனால் இன்னமும் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். தலைப்பை நோக்கிக் குத்துவதுபோலத் தெரியும். காரணம், இடத்தை மாற்றுவதும் படத்தைத் திருப்புவதும் தனித்தனி வேலைகள். தொடக்கப் பக்கம் என்று எழுதினால் இடம் மாறும். படம் திரும்ப வேண்டுமானால் அந்த ஐகான் கோப்பில் `android:autoMirrored="true"` என்று சொல்லவேண்டும். எல்லா ஐகானுக்கும் இதைப் போட்டுவிடக்கூடாது என்பதால்தான் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கடிகார முள் அரபு நாட்டிலும் அதே பக்கம்தான் சுற்றுகிறது. பாட்டை ஓடவிடும் முக்கோணம் நாடா ஓடும் திசையைக் குறிப்பதால் அது திரும்பாது. கேள்விக்குறி அரபில் திரும்பும், எபிரேயத்தில் திரும்பாது. ஒவ்வொரு படத்தையும் பார்த்து, இது வாசிப்புத் திசையைக் காட்டுகிறதா என்று கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அரபு தெரியாமலே உங்கள் போனில் இதைப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் பில்டு எண்ணை ஏழு முறை தொட்டால் டெவலப்பர் அமைப்புகள் திறக்கும். அதில் `Force RTL layout direction` என்று ஒன்று இருக்கும். அதை இயக்கினால் எழுத்து தமிழிலேயே இருக்கும், மற்றதெல்லாம் இடவலம் மாறிவிடும். எந்தச் செயலி பாதியில் நிற்கிறது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்தச் சோதனையில் பிடிபடாமல் போகக்கூடிய ஒன்று தொலைபேசி எண். அரபிலும் எண்ணின் இலக்கங்களை இடமிருந்து வலமாகத்தான் படிக்கிறார்கள். ஆனால் இடைவெளி விட்டு எழுதிய எண், வலமிருந்து ஓடும் வரிக்குள் சிக்கினால் ஒவ்வொரு தொகுதியும் தனித்தனியாக வலமிருந்து அடுக்கப்படும். `+91 44 0000 1234` என்று எழுதியது `1234 0000 44 91+` என்று தெரியும். தொகுதிக்குள் இலக்கங்கள் சரியாக இருப்பதால் பார்ப்பவர் சந்தேகப்படாமல் அப்படியே எழுதிக்கொள்வார். இது தளவமைப்பு வேலை அல்ல, யூனிகோடின் இருதிசை விதி செய்வது. எண்ணை மட்டும் தனியாகக் கட்டிவைக்கக் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் இருக்கின்றன: முன்னால் `U+2066`, பின்னால் `U+2069`. அவற்றைப் போட்டால் எண் குலையாது.

உதவிக் குறிப்புகளைத் தமிழாக்குகிறவர்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. ‘மேல் இடது மூலையில் உள்ள அம்பைத் தொடவும்’ என்று எழுதுவதைவிட ‘பின்செல்லும் அம்பைத் தொடவும்’ என்று எழுதலாம். பெரியம்மாவுக்கு நான் போனில் வழி சொன்னபோது முதல் வாக்கியத்தைத்தான் மூன்று முறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

‘வலமிருந்து எழுதும் மொழி’ என்ற வழக்கையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. திசை மொழிக்கு உரியதல்ல, எழுத்துக்கு உரியது. சிந்தி மொழியை அரபு எழுத்தில் எழுதினால் வலமிருந்து, தேவநாகரியில் எழுதினால் இடமிருந்து. பஞ்சாபியும் ஷாமுகியில் ஒரு பக்கம், குர்முகியில் மறுபக்கம். தமிழையே காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் இஸ்லாமியர்கள் அரபு எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அர்வி என்றும் அரபுத்தமிழ் என்றும் அதைச் சொல்வார்கள். அதைப் படிக்கும் கண் வலமிருந்துதான் போகும். போனும் மொழிக் குறியீட்டோடு எழுத்தையும் பார்த்துத்தான் திசையை முடிவு செய்கிறது. `ta` என்றால் அம்பு இடப்பக்கம், `ta-Arab` என்றால் அதே தமிழுக்கு அம்பு வலப்பக்கம்.