ஆயிரம் அளவீடு, ஆனால் ஒரே மணி நேரம்: செபிஷேவ் வரம்பைப் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை

சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வரும் செர்வர் அறிக்கைகளில் இப்படி ஒரு வரி அடிக்கடி தென்படும்: "பதில் நேரத்தின் சராசரி 200 மில்லி விநாடி, திட்ட விலக்கம் 50. 400-ஐத் தொடுவது 4 சிக்மா தள்ளி இருக்கிறது, எனவே முப்பதாயிரத்தில் ஒன்றுதான் அப்படி வரும்." இந்தக் கணக்கு இயல்நிலைப் பரவலுக்குத்தான் பொருந்தும். பதில் நேரங்கள் அப்படி மணி வடிவில் அமைவது அபூர்வம். வலது பக்கம் வால் நீண்டு கிடக்கும்.

பரவலின் வடிவம் தெரியாது, சராசரி μ-வும் திட்ட விலக்கம் σ-வும் மட்டும் கையில் இருக்கின்றன என்றால் துணிந்து சொல்லக்கூடியது செபிஷேவ் சமனிலி தரும் வரம்பை மட்டுமே (1867-இல் அவர் வெளியிட்டார், பியெனமே 1853-லேயே அதைச் சொல்லிவிட்டார்):

P(|X − μ| ≥ kσ) ≤ 1/k²

காரணம் எளிது. விலகல்களின் வர்க்கச் சராசரிதான் σ². kσ அளவுக்கோ அதற்கு மேலோ விலகிய ஒவ்வொரு மதிப்பின் வர்க்கமும் குறைந்தது k²σ² இருக்கும். அப்படிப்பட்டவை 1/k² பங்குக்கு மேல் இருந்தால், அவை மட்டுமே சேர்ந்து σ²-ஐத் தாண்டிவிடும். எனவே 4 சிக்மாவுக்கு வரம்பு 1/16. மேல்பக்க விலகல் மட்டும் போதும் என்றால் கான்டெல்லியின் வடிவம் 1/17 தரும்.

'முப்பதாயிரத்தில் ஒன்று எங்கே, பதினேழில் ஒன்று எங்கே? இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்' என்று தோன்றலாம். ஆனால் இதைப் பாருங்கள். 17 கோரிக்கைகளில் 16-க்கு 187.5 மில்லி விநாடியில் பதில் வருகிறது. ஒன்று மட்டும் கேச்சில் கிடைக்காமல் வட்டுவரை போய் 400 எடுக்கிறது. கூட்டிப் பார்த்தால் சராசரி சரியாக 200, திட்ட விலக்கம் சரியாக 50. அறிக்கையில் இருந்த அதே இரண்டு எண்கள்தான்! இப்படி ஒரு செர்வர் இருக்கவே முடியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தனி மதிப்புக்கு இவ்வளவு தளர்வான வரம்பு, சராசரிக்கு வரும்போது இறுகிவிடுகிறது. n சாரா அளவீடுகளின் சராசரிக்கு விலக்க வர்க்கச் சராசரி σ²/n. ஆகவே அது உண்மைச் சராசரியிலிருந்து 20 மில்லி விநாடியோ அதற்கு மேலோ விலகும் நிகழ்தகவு 2500/(400n)-ஐத் தாண்டாது. 100 அளவீட்டுக்கு 6.25%, 1000-க்கு சுமார் 0.6%. n கூடக்கூட இது பூஜ்யத்தை நோக்கிப் போகும். பெரிய எண்களின் விதி இதுதான். இங்கேயும் பரவலின் வடிவம் தேவைப்படவில்லை.

ஆனால் 'சாரா' என்ற நிபந்தனை தேவை. நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன. ஆயிரம் அளவீட்டையும் ஒரே மணி நேரத்தில் எடுத்தால், அந்த நேரத்துச் சுமை எல்லாவற்றையும் சேர்த்தே ஏற்றும், இறக்கும். எந்த இரண்டை எடுத்தாலும் ஒட்டுறவு ρ = 0.05 என்று வைப்போம். பார்க்க அற்பமான எண். ஆனால் சராசரியின் விலக்க வர்க்கச் சராசரி இப்போது

σ²/n + (1 − 1/n)ρσ²

இரண்டாவது உறுப்பு n-ஐ எவ்வளவு கூட்டினாலும் கரையாது. 1000 அளவீட்டுக்குக் கணக்கிட்டால் 0.6% இருந்த இடத்தில் 32% வருகிறது. அதே மணி நேரத்தில் ஒரு லட்சம் எடுத்தாலும் 31%-க்குக் கீழே இறங்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒட்டுறவைத் தனியாக அளக்கத் தேவையில்லை. வெவ்வேறு மணி நேரங்களில் நூறு நூறாக எடுத்து, ஒவ்வொரு கட்டின் சராசரியையும் குறியுங்கள். அளவீடுகள் சாராதவை என்றால் அந்தச் சராசரிகளின் திட்ட விலக்கம் 50/√100, அதாவது 5-ஐ ஒட்டி இருக்கவேண்டும். நம் உதாரணத்தில் அது 12 வரும். அப்படி வந்தால் கட்டுகளைத்தான் எண்ணவேண்டும், கோரிக்கைகளை அல்ல. ஒன்றையொன்று சாராத 10 மணி நேரங்களில் நூறு நூறாக எடுத்தால் மொத்தம் அதே ஆயிரம்தான். வரம்பு மட்டும் 32%-லிருந்து 3.7%-க்கு இறங்கிவிடும்.

அப்புறம் σ. செபிஷேவ் கேட்பது உண்மையான σ-ஐ. நம்மிடம் இருப்பது மாதிரியிலிருந்து கணித்தது. ஆயிரத்தில் ஒரு கோரிக்கை 5 விநாடி சிக்கிக்கொள்கிறது, மற்றவை முன்போலவே என்றால் உண்மையான σ சுமார் 160. ஆனால் 200 அளவீடு மட்டும் எடுத்தால், அந்தச் சிக்கல் ஒருமுறைகூடக் கண்ணில் படாமல் போக 82% வாய்ப்பு உண்டு. அப்போது 50 என்றே எழுதுவோம், வரம்பும் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து தெரியும். எனவே அறிக்கை கைக்கு வந்ததும் நான் முதலில் கேட்பது, நேரம் கடந்து தோற்ற கோரிக்கைகளை 'விதிவிலக்கு' என்று நீக்கிய பிறகு σ-ஐக் கணக்கிட்டார்களா என்றுதான்.