அகலமான காலுக்கு நீளமான ஷூ மருந்தல்ல

இந்த மாதத்தில் இதே காரணத்துக்காக என்னிடம் வந்த நான்காவது ஆள் அந்த இளைஞர். உயரம் 196 சென்டிமீட்டர். இடது சுண்டுவிரலில் கால் ஆணி, வலது பெருவிரல் நகம் கறுத்துப் போயிருக்கிறது, இரண்டு குதிகாலிலும் கொப்புளம். ஷூவைக் கழற்றச் சொல்லி உள்ளே பார்த்தேன். அமெரிக்க அளவில் 15. "எனக்குக் கிடைக்கிறதிலேயே இதுதான் பெரிசு டாக்டர். இதுவும் பக்கவாட்டில பிடிக்குது" என்றார்.

நிற்க வைத்து அளந்தேன். நீளம் 296 மில்லிமீட்டர். அது 13ஆம் சைஸ் கால். அதாவது, இரண்டு சைஸ் பெரிய ஷூவைப் போட்டுக்கொண்டு, அது இறுக்குகிறது என்று வந்திருக்கிறார். நகம் கறுத்ததும் குதிகால் உரிந்ததும் ஷூ நீளமாக இருந்து கால் உள்ளே முன்னும் பின்னும் வழுக்குவதால். ஆணி வந்தது ஷூ ஒடுக்கமாக இருப்பதால். இரண்டு தொல்லையும் ஒரே ஷூவில்.

கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்: "கால் அகலமா இருக்கு, ஒரு சைஸ் பெரிசா எடுத்துக்கோங்க." இந்த ஒரு வாக்கியம் எத்தனை பாதங்களைக் கெடுத்திருக்கிறது என்று அளந்து பார்க்கும் எங்களுக்குத்தான் தெரியும். அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஷூவுக்கு இரண்டு அளவு உண்டு. ஒன்று நீளம், அதுதான் நாம் சைஸ் என்று சொல்லும் எண். இன்னொன்று அகலம், அதற்கு எழுத்து. அமெரிக்க முறையில் ஆண்களுக்குச் சாதாரண அகலம் டி. அதற்கு மேல் இ, 2இ, 3இ, 4இ என்று போகும். ஷூ தைக்கும் அச்சில், ஒரு முழு சைஸ் கூடினால் நீளம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும். முன்பாதச் சுற்றளவு கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், கூடும். ஒரு எழுத்து ஏறினாலும் சுற்றளவு அதே கால் அங்குலம்தான் கூடும், ஆனால் நீளம் கூடாது. இது மரபான கணக்கு. நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும், ஆனாலும் விஷயம் புரிய இது போதும்.

இப்போது இளைஞரின் கணக்கைப் பார்ப்போம். நாடாவால் முன்பாதத்தைச் சுற்றி அளந்ததில் அவருக்குத் தேவை 4இ. சாதாரண டி அகலத்திலிருந்து நான்கு படி. இரண்டு சைஸ் ஏறியதில் அவருக்குக் கிடைத்தது இரண்டு படி அளவு சுற்றளவு மட்டும். அதற்கு அவர் கொடுத்த விலை 17 மில்லிமீட்டர் வெற்று நீளம். இதே வழியில் மீதி அகலத்தையும் பிடிக்க வேண்டுமானால் 17ஆம் சைஸ் வாங்க வேண்டும். அப்போது விரலுக்கு முன்னால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் காலியாகக் கிடக்கும். படி ஏறும்போது தடுக்கி விழத்தான் அது உதவும்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. ஷூ மிக அகலமாக இருக்கும் இடமும் அது மடங்கும் இடமும், பெருவிரல் மூட்டும் சுண்டுவிரல் மூட்டும் இருக்கும் கோட்டுக்கு நேராக வர வேண்டும். நீளம் கூடினால் அந்த இடம் முன்னே நகர்ந்துவிடும். இவருக்குச் சுமார் ஒன்றே கால் சென்டிமீட்டர் நகர்ந்திருந்தது. ஆக, கூடுதலாகக் கிடைத்த கொஞ்ச அகலமும் விரல் நுனிப் பக்கம் போய்விட்டது. மூட்டு ஷூவின் ஒடுங்கிய பகுதியிலேயே மாட்டிக்கொண்டது. ஷூவின் மேற்பகுதியில் விழுந்திருந்த மடிப்பு மூட்டுக்கு மேலே இல்லாமல் விரல்களுக்கு மேலே இருந்தது. உங்கள் பழைய ஷூவை எடுத்து இதைப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

"போடப் போட இளகிடும்" என்பதும் இதே குடும்பத்துப் பேச்சுதான். தோல் கொஞ்சம் இளகும், செயற்கைப் பொருள் அதுவும் செய்யாது. ஷூ இளகுவதற்கு முன்பு இளகுவது உங்கள் எலும்பு மூட்டுதான்.

குறுகிய பாதக்காரர்கள் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள். பக்கவாட்டில் தொளதொளவென்று இருக்கிறது என்று ஒரு சைஸ் குறைத்து வாங்குகிறார்கள். விரல்கள் மடங்கியே இருந்து நாளடைவில் அப்படியே நின்றுவிடும். வேண்டாம். நீளத்தைக் குறைக்காதீர்கள். குறுகிய அகலம் கிடைக்கவில்லையென்றால், ஷூவின் நாக்குக்கு அடியில் ஒரு மெத்தைத் துண்டு ஒட்டுங்கள், அல்லது உள்தட்டுக்குக் கீழே மெல்லிய தட்டு ஒன்று வையுங்கள். மேலே கடைசியாக ஒரு கூடுதல் ஓட்டை இருக்குமே, பலர் தொடுவதே இல்லை, அதில் கயிற்றை வளையம் போலக் கோத்து எதிர்ப்பக்கக் கயிற்றை அதற்குள் விட்டு இழுத்தால் குதிகால் நகராது.

உயரமான பெண்களுக்கு ஒரு வழி உண்டு, ஆண்கள் ஷூ வாங்குவது. அமெரிக்க முறையில் பெண்களின் சாதாரண அகலம் பி. ஆண்களின் சாதாரண டி, பெண்களுக்கு அகல ரகம். பெண்கள் சைஸிலிருந்து ஒன்றரை கழித்தால் ஆண்கள் சைஸ் வரும். பெண்கள் 12 என்றால் ஆண்கள் பத்தரை. குதிகால் மட்டும் மெலிந்திருந்தால் அதே கயிற்று வேலையைச் செய்யுங்கள்.

சரி, எப்படி அளப்பது? மாலையில் அளங்கள், காலையில் பாதம் சிறுத்திருக்கும். போடப்போகும் காலுறையோடு, காகிதத்தின் மேல் நின்று, குதிகாலைச் சுவரில் ஒட்டி, முழு எடையும் அந்தக் காலில் இருக்கட்டும். உட்கார்ந்து அளப்பதில் பயனில்லை. மிக நீளமான விரல் வரை அளங்கள், அது எல்லோருக்கும் பெருவிரல் அல்ல. பிறகு முன்பாதம் மிக அகலமான இடத்தில் சுற்றளவு. இரண்டு காலையும் அளந்து பெரியதற்கு வாங்குங்கள். நிறுவனத்தின் அளவு அட்டவணையில் மில்லிமீட்டர் அல்லது சென்டிமீட்டரைப் பாருங்கள், வெறும் எண்ணை நம்பாதீர்கள்.

ஷூ கைக்கு வந்ததும் உள்தட்டை உருவி அதன் மேல் நில்லுங்கள். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இருக்க வேண்டும். பாதம் பக்கவாட்டில் நன்றாக வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுடையது அல்ல. எத்தனை சைஸ் பெரிதானாலும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சரியான ஷூ தொளதொளப்பாகத் தோன்றும், இறுக்கமானதுதான் பிடித்தமாக இருக்கும். வலிக்கவில்லை என்பதை அளவாக எடுக்காதீர்கள். கழற்றிய பிறகு சிவப்பு இருக்கிறதா என்று தினமும் கண்ணால் பாருங்கள்.

உயரமானவர்களுக்கு இன்னொரு வார்த்தை. வளர்ந்து முடிந்த பிறகும் ஷூ சைஸ் ஏறிக்கொண்டே போனால், கூடவே மோதிரமும் இறுகினால், உடல்வாகு என்று விட்டுவிட வேண்டாம். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த இளைஞர் 13இல் 4இ ஒன்றைத் தேடி வாங்கினார், கடையில் இல்லை, வரவழைக்க மூன்று வாரம் ஆனது. போட்டுப் பார்த்ததும், "நீளம் குறைஞ்சும் இறுக்கலையே" என்றார். ஆறு வாரத்தில் ஆணி தட்டையாகிவிட்டது, கொப்புளம் திரும்ப வரவில்லை. கறுத்த நகம் முழுதாக வளர்ந்து வெளியேற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை அதைப் பிடுங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.