இயந்திரத்தின் அடக்கவிலை இன்வாய்ஸின் கடைசி வரியில் இருக்காது

இயந்திரம் வந்து இறங்கியதும், இன்வாய்ஸின் அடியில் உள்ள மொத்தத் தொகையை அப்படியே 'இயந்திரங்கள்' கணக்கில் பற்று எழுதிவிடுவது தணிக்கையில் அடிக்கடி தென்படும் பிழை. அந்தத் தொகை, சப்ளையருக்கு நாம் எவ்வளவு தர வேண்டும் என்பதை மட்டுமே சொல்லும். சொத்தின் அடக்கவிலை வேறு.

ஓர் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் இயந்திரம் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். பட்டியல் விலை 42,00,000. வணிகத் தள்ளுபடி 2,00,000 போக 40,00,000. அதே இன்வாய்ஸில் நிறுவும் கட்டணம் 1,20,000, ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி 60,000, இரண்டு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் 1,50,000, ஹீட்டர் பேண்டு, சீல் போன்ற உதிரிகள் 70,000. வரிக்கு முன் 44,00,000, வரி 4,40,000, ஆக மொத்தம் 48,40,000.

பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 16 கேட்பது இதுதான்: இயந்திரத்தை அது நிற்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்து, நாம் நினைத்த வேலையைச் செய்யும் நிலைக்கு ஆயத்தப்படுத்த நேரடியாக ஆன செலவா? இந்தக் கேள்வியை ஒவ்வொரு வரியிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

நிறுவும் கட்டணம் அதற்கு ஆன செலவுதான். பயிற்சி அப்படியல்ல. அது ஆட்களைத் தயார்ப்படுத்துகிறது, இயந்திரத்தை அல்ல. சப்ளையரின் இன்ஜினியரே வந்து சொல்லிக்கொடுத்தாலும் அது அந்த ஆண்டின் வருவாயினச் செலவு. பராமரிப்பு ஒப்பந்தம் முன்கூட்டிச் செலுத்திய செலவு. அதை 24 மாதங்களுக்குப் பிரித்து மாதம் 6,250 என்று எழுத வேண்டும். ஹீட்டர் பேண்டும் சீலும் தேய்ந்து மாறிக்கொண்டே இருப்பவை, ஆகவே கையிருப்பாக வைத்து எடுக்கும்போது செலவாக்கலாம். பல ஆண்டு உழைக்கும் மாற்று ஸ்க்ரூவும் பேரலும் வந்திருந்தால் அவற்றைச் சொத்தாகவே எழுத வேண்டியிருக்கும். வரியைப் பொறுத்தவரை, உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெற முடியும் என்றால் அது அரசிடமிருந்து வர வேண்டிய தொகை. பெற முடியாது என்றால் மட்டுமே அடக்கவிலையில் சேரும்.

இங்கே வரியைத் திரும்பப் பெற முடியும் என்று கொண்டால், இன்வாய்ஸிலிருந்து சொத்துக்குப் போவது 41,20,000 மட்டுமே.

இனி இன்வாய்ஸில் இல்லாதவை. லாரி வாடகையும் வழிக் காப்பீடும் 80,000, அஸ்திவாரம் 1,50,000, கிரேன் 40,000. இவை வேறு வேறு ஆட்களின் பில்களாக, வேறு வேறு நாட்களில் வரும். அதனாலேயே 'சரக்குக் கூலி', 'கட்டடப் பராமரிப்பு' என்று செலவுக் கணக்குகளில் போய் ஒளிந்துகொள்கின்றன. இயந்திரம் வந்த மாதத்துக்கு முன்னும் பின்னும் அந்தக் கணக்குகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். ஆனால் போல்ட் துளை தப்பான இடத்தில் விழுந்து அஸ்திவாரத்தை உடைத்துப் போட 35,000 ஆனது என்றால், அதைச் சேர்க்கக் கூடாது. அது வழக்கத்துக்கு மாறான வீண்செலவு.

சோதனை ஓட்டத்தில் இன்னும் கவனம் வேண்டும். மூலப்பொருள் 50,000க்கு ஓட்டியதில், விற்கத்தக்க பொருட்களின் அடக்கம் 15,000 என்றும், அவை 20,000க்கு விற்றன என்றும் கொள்வோம். முன்பு அந்த வரவைச் சோதனைச் செலவிலிருந்து கழிக்கும் வழக்கம் இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி 20,000 வரவும் அதன் 15,000 அடக்கமும் லாப நட்டக் கணக்குக்குப் போகும். மீதி 35,000 மட்டுமே சோதனைச் செலவாகச் சொத்தில் சேரும்.

ஆக அடக்கவிலை: 41,20,000 + 80,000 + 1,50,000 + 40,000 + 35,000 = 44,25,000.

இன்வாய்ஸ் மொத்தத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 4,15,000தான். ஆனால் உள்ளே சேரக் கூடாத 7,20,000 சேர்ந்திருக்கிறது; சேர வேண்டிய 3,05,000 வெளியே நிற்கிறது. இரு பிழைகளும் ஒன்றையொன்று மறைப்பதால், மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்குப் பிழையின் முழு அளவு தெரியாது. தேய்மானமோ ஆண்டுதோறும் அந்தத் தவறான தொகையின் மேல் ஓடிக்கொண்டிருக்கும்.

செலவைச் சேர்ப்பதை எந்த நாளோடு நிறுத்துவது? இயந்திரம் நினைத்தபடி ஓடத் தகுதி பெற்ற நாளோடு. தேய்மானம் தொடங்குவதும் அன்றுதான். ஆர்டர் வராமல் இரண்டு மாதம் சும்மா நின்றாலும், அந்த மாதங்களின் மின்கட்டணமும் ஆபரேட்டர் சம்பளமும் சொத்தில் ஏறாது. அதனால் இயங்கு நிலைச் சான்றில் தேதியும் இன்ஜினியரின் கையெழுத்தும் வாங்கி, இன்வாய்ஸோடு சேர்த்துக் கோப்பில் வைக்க வேண்டும்.

சப்ளையர் 'நிறுவுதலும் பயிற்சியும்' என்று ஒரே வரியில் 1,80,000 போட்டு அனுப்பினால், பிறகு பிரிக்கச் சொல்லி வாங்குவது பெரும்பாடு. கொள்முதல் ஆணையிலேயே நிறுவுதல், பயிற்சி, பராமரிப்பு, உதிரி ஒவ்வொன்றுக்கும் தனி வரி கேட்டுவிடுங்கள். விலை பேசும் கட்டத்தில் சப்ளையர் அதற்குத் தயங்க மாட்டார்.